வால் அறுந்த வாக்கியங்கள்

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதியாளருக்கும் ஒசாகாவில் உள்ள அவருடைய வாடிக்கையாளருக்கும் இடையே வீடியோ அழைப்பில் ஜப்பானிய மொழிபெயர்ப்பு செய்கிறேன். நேரில் மொழிபெயர்த்தபோது இவ்வளவு தடுமாறியதில்லை. குரல் தாமதமாக வருகிறது, இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஆலைச் சொற்கள் பல எனக்குப் புரிவதில்லை. போன வாரம் எங்கள் முதலாளி "7-ஆம் தேதிக்குள் முழுவதையும் அனுப்ப முடியாது" என்று சொன்னதை "முடியும்" என்று சொல்லிவிட்டேனோ என்று இரண்டு நாளாக உறுத்துகிறது. அழைப்பு முடிந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது காத்திருக்காது. இன்றைக்கே உங்கள் முதலாளியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐயா, 7-ஆம் தேதி பற்றி நீங்கள் சொன்னதன் கடைசிப் பகுதி எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் தவறாகச் சொல்லியிருக்கக்கூடும். நீங்கள் சொன்னது முடியும் என்றா, முடியாது என்றா?" என்று கேளுங்கள். முடியாது என்றால், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வழியாக ஒசாகாவுக்கு ஒரு மின்னஞ்சல் போக வேண்டும்: மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்தது, சரியான பதில் இது. பிழை உங்களுடையது என்று அதிலேயே இருக்கட்டும். அவர்கள் இப்போது 7-ஆம் தேதியை நம்பிக் கப்பலில் இடம் பிடித்துக்கொண்டிருக்கலாம், கடைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம். இன்று சொன்னால் அது ஒரு திருத்தம். கெடு வந்த பிறகு தெரிந்தால் உங்கள் முதலாளி வாக்குத் தவறியவர் ஆகிவிடுவார், அதுவும் அவர் சொல்லாத வாக்குக்கு.

இனி, ஏன் அந்த இடத்தில் போய்த் தவறியது என்று பார்ப்போம். அது தற்செயல் இல்லை. தமிழிலும் ஜப்பானியத்திலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஆமா, இல்லையா என்பது அந்த வினையின் கடைசி அசையில் இருக்கிறது. "அனுப்ப முடியும்", "அனுப்ப முடியாது": "முடி" வரை இரண்டும் ஒன்றே. ஜப்பானியத்தில் "தெக்கிமாசு" என்றால் முடியும், "தெக்கிமாசென்" என்றால் முடியாது. "தெக்கிமா" வரை வேறுபாடே இல்லை. போதாக்குறைக்கு "மாசு" என்பதன் கடைசி உகரத்தை ஜப்பானியர்கள் பாதி விழுங்கியே சொல்வார்கள். இரண்டு மொழிகளின் சொல்வரிசையும் ஒத்துப்போவதால் நமக்கு நேரில் எவ்வளவு வசதியோ, வீடியோ அழைப்பில் அவ்வளவு ஆபத்து. அழைப்பின் கோளாறுகள் எல்லாம் வாக்கியத்தின் வாலைத்தான் வெட்டுகின்றன.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஜப்பானியர்கள் ஒருவர் பேசும்போது "ஹை, ஹை" என்று நடுநடுவே சொல்லிக்கொண்டே இருப்பார்கள். "கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்" என்பதுதான் அதன் பொருள், சம்மதம் இல்லை. நேரில் அந்த "ஹை" பேசுபவரின் மூச்சு இடைவெளியில் கச்சிதமாக விழும். அவர்கள் இதில் வெகு துல்லியமானவர்கள். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையே சராசரியாக மிகக் குறைந்த இடைவெளி விட்டவர்கள் ஜப்பானியர்கள்தான். ஆனால் இணைய வழியில் குரல் அரை விநாடி தாமதமாகப் போனால், ஒசாகாவில் சரியான இடைவெளியில் சொல்லப்பட்ட "ஹை" திருப்பூருக்கு வரும்போது உங்கள் முதலாளி அடுத்த வாக்கியத்தின் கடைசியில் இருப்பார்.

அடுத்தது இன்னும் மோசம். உங்கள் முதலாளியின் அறையில் ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான். ஒலிபெருக்கியில் வரும் "ஹை" அந்த அறையின் மைக்கிலும் விழும். அது எதிரொலியாக ஒசாகாவுக்கே திரும்பிப் போகாதபடி மென்பொருள் அந்தக் கணத்தில் மைக்கின் ஒலியை அடக்குகிறது. எதிரொலியோடு சேர்ந்து உங்கள் முதலாளியின் குரலும் அடங்கிவிடுகிறது. அவர் "முடியாது" என்று முழுமையாகத்தான் சொல்லியிருப்பார். உங்களுக்கு "முடி" வரை வந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு: படத்தில் உதடு அசைந்துகொண்டே இருக்கும், குரல் மட்டும் தண்ணீருக்குள் போனதுபோல் மங்கி நின்றுவிடும். அதைப் பார்த்தால் ஒரு வால் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முதல் மருந்து உங்கள் திறமை இல்லை, கம்பியோடு கூடிய ஹெட்செட். முக்கியமாகப் பேசும் ஒவ்வொருவரும், இரண்டு தரப்பிலும், ஹெட்செட் போட்டால் மைக்கில் விழ எதிரொலியே இருக்காது, மென்பொருள் எதையும் அடக்க வேண்டியிருக்காது. புளூடூத் ஹெட்செட்டை நீங்கள் மட்டுமாவது தவிர்த்துவிடுங்கள். அதன் மைக்கை இயக்கியதும் பல கருவிகளில் கேட்கும் ஒலியின் தரமும் சேர்ந்து குறைகிறது. ச, ஃப போன்ற மெல்லொலிகள்தான் முதலில் மங்கும். "மாசு", "மாசென்" இரண்டிலும் சகரம் இருக்கிறது, அது மங்கினால் வாக்கியத்தின் வாலே தெளிவாகக் கேட்காது. அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஹெட்செட் ஒத்துவராது என்றால், ஒரு தரப்பு பேசும்போது மற்றத் தரப்பு மைக்கை அணைத்து வைக்கட்டும். ஜப்பானியர்களிடம், "குரல் வெட்டுப்படுகிறது, தயவுசெய்து ஹை என்பதற்குப் பதிலாகத் தலையசைக்க முடியுமா" என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். பழக்கம் உடனே போகாது, பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். மறுபடி ஒருமுறை நினைவூட்டுவதில் தவறில்லை.

தாமதம் எவ்வளவு என்பதை அளந்துவிடுங்கள். ஒரு பக்கம் போக 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லை, 400-ஐத் தாண்டினால் ஏற்கத்தக்கது இல்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைப் பார்க்க நான் செய்வது இது: அழைப்புக்குப் பத்து நிமிடம் முன்பு ஒசாகாவில் ஒருவரோடு ஒன்றிலிருந்து பத்து வரை மாற்றி மாற்றி எண்ணுவேன். நான் ஒன்று, அவர் இரண்டு, நான் மூன்று. நேரில் இது ஐந்து விநாடியில் முடியும். பத்து விநாடி ஆனால், ஐந்து சுற்றுக்கு ஐந்து விநாடி கூடுதல், அதாவது ஒரு சுற்றுக்கு ஒரு விநாடி, ஒரு பக்கத்துக்கு அரை விநாடி. அந்த நிலையில் இரு தரப்புக்கும் ஒரு விதி சொல்லிவிடுவேன்: ஒருவர் முடித்த பிறகு மனத்துக்குள் இரண்டு எண்ணிவிட்டுத்தான் அடுத்தவர் தொடங்க வேண்டும். அதையும் தாண்டினால் குரலை மட்டும் சாதாரணத் தொலைபேசி அழைப்புக்கு மாற்றச் சொல்வேன், படம் கணினியில் ஓடட்டும். உதடும் குரலும் பொருந்தாது, ஆனால் வாக்கியம் முழுமையாக வரும்.

இப்போது உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். விவரங்களை நான் ஊகித்து எழுதுகிறேன், உங்கள் துறையில் இது அன்றாடம் நடப்பதுதான். 36,000 டீ-ஷர்ட், சிங்கிள் ஜெர்சி துணி, எடை 160 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம், கூட்டல் கழித்தல் 5 சதவீதம். அதாவது 152 முதல் 168 வரை ஏற்பார்கள். துவைத்தால் நீளவாக்கில் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கக் கூடாது. ஒசாகா சோதனையில் 7 வந்துவிட்டது. துணி இன்னும் வெட்டப்படவில்லை. துணியை நீளவாக்கில் நெருக்கும் காம்பாக்டிங்கை மறுபடி செய்து 7-ஆம் தேதி அனுப்ப முடியுமா என்று கேட்கிறார்கள். முதலாளி சொல்கிறார்: "மறுபடி காம்பாக்டிங் செய்தால் சுருக்கம் குறையும். ஆனால் துணி இப்போதே 165 ஜிஎஸ்எம் இருக்கிறது, இன்னும் 2 சதவீதம் நெருக்கினால் 168-ஐத் தாண்டும். அதை நீங்கள் ஒத்துக்கொண்டாலும் 7-ஆம் தேதிக்குள் முழுவதையும் அனுப்ப முடி–" இந்த இடத்தில் "ஹை" வந்து விழுகிறது.

அந்த நொடியில் நீங்கள் ஊகிக்கக் கூடாது. முன்வாக்கியங்களின் போக்கைப் பார்த்தால் "முடியாது"தான் வரும் என்று தோன்றும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் "முடியும், ஆனால் இரவு ஷிப்ட் போட வேண்டும்" என்று சொல்பவர்களும் உண்டு. கையை உயர்த்துங்கள், திரையில் தெரியும்படி, முகத்துக்குப் பக்கத்தில். பிறகு இரண்டு மொழியிலும், யார் பேசுகிறார்கள் என்று தெரியும்படி கேளுங்கள். ஜப்பானியத்தில் "ட்சூயாக்கு கரா கக்குனின் தெசு", தமிழில் "மொழிபெயர்ப்பாளர் ஒன்றைச் சரிபார்க்கிறேன்". முதலாளியின் குரலில் "நான்" என்று சொல்லி மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நீங்கள் திடீரென்று உங்களுக்காகப் பேசினால், அதை அறிவிக்காவிட்டால் ஒசாகாவில் முதலாளிதான் தயங்குகிறார் என்று நினைப்பார்கள்.

கேட்கும்போது "மறுபடி சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் மனிதர்கள் முழுவதையும் வேறு சொற்களில் சொல்வார்கள், இந்த முறை 165 விட்டுப்போகும், அல்லது புதிதாக ஒன்று சேரும். அறுந்த இடத்தை மட்டும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேளுங்கள்: "7-ஆம் தேதிக்கு முழுவதும் போகுமா, ஒரு பகுதிதான் போகுமா?" பதில் வருகிறது: "24,000 போகும். மீதி 12,000, 14-ஆம் தேதி."

இதை ஒசாகாவுக்குச் சொல்லும்போது அதே வால் உங்களுக்கும் அறுபடலாம். அதனால் "இல்லை" என்பதைப் பேச்சின் தலையில் வையுங்கள். ஜப்பானிய வணிகப் பேச்சில் "கெத்சுரோன் கரா மோஷியாகெமாசு தோ", முடிவை முதலில் சொல்வதென்றால், என்று தொடங்குவது மரியாதையான வழக்கம். அப்படித் தொடங்கி, முழு அளவு இயலாது, இரண்டு தவணை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, பிறகு காரணத்துக்குப் போங்கள். இல்லை என்பதையும் கடைசி அசையில் தொங்கவிடாமல் தனிச்சொல்லாகச் சொல்லுங்கள். "தெக்கிமாசென்" என்பதைவிட "முரி", "ஃபுகனோ" போன்ற சொற்களில் மறுப்பு சொல் முழுவதிலும் இருக்கிறது. "முரி" கொஞ்சம் வெட்டென்று ஒலிக்கும், மென்மையான முன்னுரை சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் ஜப்பானிய மறுப்பைத் தமிழில் சொல்லும்போதும் இதே வழிதான்: "முடியாது என்கிறார்கள், காரணம் இது."

பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போகும் முன் எண்களை அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்யுங்கள். 24,000, 12,000 என்று இலக்கத்தில் இருக்கட்டும். ஜப்பானியர்கள் பத்தாயிரத்தை "மான்" என்று ஓர் அலகாக எண்ணுகிறார்கள். 24,000 அவர்களுக்கு இரண்டு மான் நான்காயிரம், நமது ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து மான். மனத்துக்குள் மாற்றும்போது ஒரு சுழி கூடுவதும் குறைவதும் அனுபவசாலிகளுக்கும் நடக்கும். தேதியில் இன்னொரு குழி இருக்கிறது. நாம் 7/12 என்று எழுதினால் டிசம்பர் 7, அவர்கள் படித்தால் ஜூலை 12. ஒருபோதும் சாய்கோடு போடாதீர்கள், `12月7日` என்று எழுதுங்கள், தமிழ் ஆட்களுக்கு "டிசம்பர் 7". பிறகு முதலாளியையும் அவர்களையும் அதைப் பார்த்துத் தலையசைக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்திருந்தால் இரண்டு நாளாக நீங்கள் தூக்கம் கெட்டிருக்க மாட்டீர்கள்.

ஒரே நேரத்தில் பேசுவதில் இன்னொரு வகையும் உண்டு. அது தாமதத்தால் வருவதில்லை, நம் பக்கத்துப் பழக்கத்தால் வருகிறது. கேள்வி வந்ததும் முதலாளி, மெர்ச்சண்டைசர், டையிங் மாஸ்டர் மூவரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். மூன்றையும் கலந்து ஒரு சாராம்சம் கொடுக்க நமக்கு ஆசை வரும், அதைச் செய்யாதீர்கள். டையிங் மாஸ்டர் "நான்கு நாள் ஆகும்" என்றும் முதலாளி "இரண்டு நாள்" என்றும் சொன்னால், எதைச் சொல்வது என்று முடிவு செய்யும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. கையை உயர்த்தி, கேள்வி யாரிடம் கேட்கப்பட்டதோ அவரை முதலில் பேச விடுங்கள். மற்றவரின் பெயரையும் அவர் தொடங்கிய முதல் சொல்லையும் தாளில் குறித்து வைத்து, முதல் பதிலை மொழிபெயர்த்ததும் "மாஸ்டரும் ஏதோ சொல்ல வந்தார்" என்று அவரிடம் திரும்புங்கள்.

இதோடு ஒட்டி, அழைப்பு தொடங்கும் முன்பே இரு தரப்பிடமும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது: என் காதில் விழுவதெல்லாம் மொழிபெயர்க்கப்படும், தங்களுக்குள் கலந்து பேச வேண்டுமானால் மைக்கை அணைத்துக்கொள்ளுங்கள். ஒசாகாவிலும் அவர்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். ஒரு தரப்பின் ரகசியத்தை மட்டும் சொல்லி மறுதரப்பினுடையதை மறைத்தால் உங்களை யாரும் நம்ப மாட்டார்கள். முதலாளி உங்களுக்குக் கூலி கொடுப்பவராக இருந்தாலும் இந்த விதி அவருக்கும் பொருந்தும். முன்கூட்டியே சொன்னால் ஒத்துக்கொள்வார், நடுவில் சொன்னால் வருத்தப்படுவார்.

அடுத்தது சொற்கள். இதில் என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுப் பின்னலாடைக்கு வந்தவள். திருப்பூருக்கான முதல் அழைப்பில் ஜப்பானியர் "தென்ஜிக்கு" என்றார். தென்ஜிக்கு என்பது இந்தியாவுக்கு ஜப்பானியத்தில் பழைய பெயர், பௌத்த நூல்களில் வரும். "இந்தியத் துணி" என்று சொல்லிவிட்டேன். எதிரில் இருந்தவருக்கு அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை, அவரிடம் இருந்ததெல்லாம் இந்தியத் துணிதானே. பத்து நிமிடம் எங்கள் பக்கத்தில் இன்டர்லாக் என்ற இரட்டைப் பின்னல் துணியைப் பற்றியும் அவர்கள் பக்கத்தில் வேறொன்றைப் பற்றியும் பேசினார்கள். கடைசியில் ஜப்பானியர் துணித்துண்டைக் கேமரா முன் பிடித்தபோதுதான் தெரிந்தது: ஆடைத் தொழிலில் தென்ஜிக்கு என்றால் சிங்கிள் ஜெர்சி. அகராதியில் அந்தச் சொல்லைப் பார்க்கவே தேவையில்லை என்று நினைத்திருந்தேன், தெரிந்த சொல் என்பதால்.

அன்றிலிருந்து தெரியாத சொல்லைவிடத் தெரிந்த மாதிரி இருக்கும் சொல்லுக்குத்தான் அதிகம் அஞ்சுகிறேன். அதிலும் ஆங்கிலத்திலிருந்து இரு பக்கமும் கடன் வாங்கிய சொற்கள். "சுமூசு" என்றால் வழவழப்பு இல்லை, இன்டர்லாக். "ஃபுராய்சு" என்றால் ரிப் துணி. மங்கிய ஒலியில் அது "புராய்சு" என்று கேட்கும், விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று நீங்கள் மாறிவிடுவீர்கள். "பீக்கா" என்றால் லேப் டிப், அதாவது நிறத்தைக் காட்டச் சாயமிட்ட மாதிரித் துண்டு, "நேமு" என்றால் ஆடையில் தைக்கும் லேபிள். "குரேமு" என்பது புகார் மட்டுமே. அதைக் "கிளைம்" என்று சொன்னால் திருப்பூரில் பணம் பிடிக்கப்போகிறார்கள் என்று கேட்கும், ஒரு நொடியில் அறையின் முகமே மாறிவிடும். "கென்ஷின்" என்றால் உடல்நலப் பரிசோதனை என்றுதான் நாம் பாடத்தில் படித்தோம். ஆடைத் தொழிலில் அதே ஒலி, ஆடைக்குள் உடைந்த ஊசி சிக்கியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஜப்பானிய வாடிக்கையாளர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள்.

எதிர்த் திசையிலும் இப்படித்தான். தையல் பிரிவில் "பேட்லாக்" என்பார்கள், ஃபிளாட்லாக் என்பதன் மருவு. ஒலியைப் பிடித்துக்கொண்டு "ஃபுராத்தோ ஷீமா" என்று மொழிபெயர்த்தால், ஜப்பானியர் நினைப்பது இரு துணிகளைத் தட்டையாக இணைக்கும் வேறொரு தையல். டீ-ஷர்ட்டின் கீழ்விளிம்பை மடித்து இரட்டை ஊசியில் அடிப்பதை அவர்கள் "நிஹோன்பரி" என்கிறார்கள். எது எது என்று சொல்லால் தீர்மானிக்க முடியாது, ஆடையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும்.

ஆகவே ஒவ்வோர் அழைப்புக்கும் இரண்டு நாள் முன்பு அந்த ஆர்டரின் விவரத்தாளையும் கடைசியாகப் போன மின்னஞ்சல்களையும் மெர்ச்சண்டைசரிடம் கேட்டு வாங்குங்கள். ஓர் அழைப்புக்கு முப்பது சொல்லுக்கு மேல் வராது. தயாரிப்புக்கான அந்த அரை நாளையும் உங்கள் கட்டணத்தில் சேர்த்தே பேசுங்கள், தருவார்கள். உங்கள் ஊரே திருப்பூர் என்பது பெரிய வாய்ப்பு. ஒரு நாள் ஆலைக்குப் போய், செக்கிங் மேசையில் கிடக்கும் வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் சிங்கிள் ஜெர்சி, ரிப், இன்டர்லாக், ஒரு பேட்லாக் விளிம்பு, ஓர் ஓவர்லாக் விளிம்பு என்று ஒட்டுங்கள். பக்கத்தில் தையல்காரர் சொல்லும் பெயர், அதற்குப் பக்கத்தில் ஜப்பானியப் பெயர். அழைப்பில் ஒரு சொல் இடறினால் விளக்கம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நோட்டைத் திறந்து கேமரா முன் பிடித்து, "இதுவா?" என்று கேளுங்கள். என்னுடைய நோட்டில் முதல் துண்டு தென்ஜிக்கு.

அன்புடன்,
உங்கள் மூத்த சகோதரி